12 வரிசை ஏலக்காய்க் கணக்குக்கு நேர்கோடா, மரமா, காடா?

கம்பம், போடிப் பக்கத்திலிருந்து மலையேறி இடுக்கித் தோட்டங்களில் கணக்கெழுதும் இளைஞர்கள் சிலர், ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் என்னிடம் கேட்டு வருகிறார்கள். காயை உலர்த்தும் இடமான ஸ்டோரில் ஏற்றும் பச்சைக்காயின் எடை அவர்கள் குறிப்பேட்டில் இருக்கிறது. உலர்ந்து இறங்கிய காயின் எடையும் இருக்கிறது. காய் எடுத்த நாளில் மழை பெய்ததா என்பதும் ஓரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. இன்றைக்கு ஏற்றும் காயிலிருந்து நாளை எத்தனை கிலோ இறங்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால், போடி ஏலத்துக்கோ புத்தடி ஏலத்துக்கோ எவ்வளவு அனுப்பலாம் என்று திட்டமிட முடியும். அதற்கு லீனியர் ரிக்ரெஷன் போதுமா, ரிக்ரெஷன் ட்ரீ வேண்டுமா, அல்லது எல்லோரும் புகழ்கிற ராண்டம் ஃபாரஸ்ட்டையே எடுத்துக்கொள்ளலாமா என்பதுதான் கேள்வி. இக்கட்டுரையில் இம்மூன்றையும் முறையே நேர்கோடு, மரம், காடு என்றே குறிப்பிடுகிறேன்.

## எவற்றைக் கொண்டு அளப்பது

அட்டவணை சிறியதாக இருக்கும்போது நான்கு கேள்விகளுக்கு மட்டும் விடை தேடினால் போதும் என்பது என் கருத்து. முதலாவது, கணிக்க வேண்டிய ஒவ்வோர் எண்ணுக்கும் எத்தனை வரிசைகள் துணை நிற்கின்றன என்பது. இரண்டாவது, நாளை வரும் கேள்வி அட்டவணையின் எல்லைக்குள்ளேயே இருக்குமா, அதைத் தாண்டிப் போகுமா என்பது. மூன்றாவது, தொடர்பு சீராக ஏறுகிறதா, ஓரிடத்தில் வளைகிறதா அல்லது படியாக மாறுகிறதா என்பது. நான்காவது, வருகிற விடையை யாரிடம் விளக்கப் போகிறோம் என்பது. ஸ்டோர் பொறுப்பாளரிடம் விளக்குவதும் தோட்ட முதலாளியிடம் விளக்குவதும் ஒன்றல்ல. கணினி எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளும் என்பதைப் பற்றி இந்த அளவில் கவலைப்படத் தேவையில்லை.

## கையால் சரிபார்க்கக்கூடிய ஓர் அட்டவணை

கீழே உள்ள எண்கள் குறிப்பேடுகளின் போக்கை ஒட்டி, கைக்கணக்குக்கு வசதியாக நானே அமைத்தவை. ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய்க்கு ஒரு கிலோ உலர்காய் என்ற வழக்கமான அளவை இவை பின்பற்றுகின்றன. மழையில் எடுத்த காய் ஈரத்தையும் சுமந்து வருவதால், எடைக்கு எடை குறைவாகவே உலர்காய் தருகிறது.

| பச்சைக்காய் (கிலோ) | மழை | உலர்காய் (கிலோ) |
|---|---|---|
| 120 | இல்லை | 25 |
| 150 | இல்லை | 32 |
| 160 | உண்டு | 29 |
| 180 | இல்லை | 38 |
| 200 | இல்லை | 42 |
| 220 | உண்டு | 40 |
| 240 | இல்லை | 51 |
| 260 | இல்லை | 54 |
| 280 | உண்டு | 50 |
| 300 | இல்லை | 63 |
| 340 | உண்டு | 61 |
| 350 | இல்லை | 73 |

## நேர்கோடு

பிழைகளின் வர்க்கக் கூடுதல் மிகக் குறைவாக வரும் கோட்டைத் தேடுவது, பிரெஞ்சுக் கணித அறிஞர் லெஜாந்தர் 1805-இல் வெளியிட்ட குறைந்த வர்க்க முறை; அதை இந்த அட்டவணைக்குப் பயன்படுத்தினால் கிடைக்கும் சமன்பாடு இது:

```
உலர்காய் = 2.6 + 0.198 × பச்சைக்காய் − 7.2 × மழை
```

மழை பெய்திருந்தால் 1 என்றும் இல்லையென்றால் 0 என்றும் போட வேண்டும். இங்கே மூன்றே எண்கள் கணிக்கப்படுகின்றன. அம்மூன்றையும் 12 வரிசைகளும் சேர்ந்தே தாங்குகின்றன. சிறிய அட்டவணையில் நேர்கோட்டின் பெரிய பலம் இதுதான். 120 கிலோ வரிசைகூட 350 கிலோவுக்கான விடையைத் தீர்மானிப்பதில் பங்கு கொள்கிறது.

ஒவ்வொரு வரிசையாக மறைத்து, மற்ற 11 வரிசைகளைக் கொண்டு அதைக் கணித்துப் பார்த்தால், மிகப் பெரிய தவறு 3 கிலோ அளவில்தான் வருகிறது. 350 கிலோ வரிசையை மறைத்தால் கோடு 71.4 என்கிறது, உண்மை 73. அட்டவணையில் இல்லாத 500 கிலோவுக்கு மழையில்லாத நாளில் ஏறத்தாழ 102 கிலோ என்கிறது. அந்த எண்ணை முழுதாக நம்பாவிட்டாலும், அது நியாயமான திசையில் இருப்பதை யாரும் ஒப்புக்கொள்வார்கள்.

ஆனால் இந்தச் சமன்பாட்டில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. மழை நாள் வரிசைகள் நான்கையும் தனியே எடுத்து, உண்மை எடையிலிருந்து கோடு சொல்லும் எடையைக் கழித்துப் பாருங்கள். 160 கிலோவுக்கு +1.85, 220-க்கு +0.95, 280-க்கு −0.95, 340-க்கு −1.85 என்று வருகிறது. சிறிய எடையில் கோடு குறைத்துச் சொல்கிறது, பெரிய எடையில் கூட்டிச் சொல்கிறது. தற்செயலான பிழை இப்படி வரிசை கட்டி நிற்காது. "மழை பெய்தால் 7.2 கிலோ குறையும்" என்று கோடு சொல்வது எல்லா எடைக்கும் பொருந்தாத சராசரி, உண்மையில் 160 கிலோவில் ஏறத்தாழ 5 கிலோவும் 340 கிலோவில் ஏறத்தாழ 10 கிலோவும் குறைகின்றன. எளிதாக விளக்க முடிகிறது என்பதாலேயே ஒரு விளக்கம் சரியாகிவிடாது. நேர்கோட்டைப் பயன்படுத்துபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

இதைத் திருத்தும் வழி, பச்சைக்காயையும் மழையையும் பெருக்கி வரும் எண்ணைக் கூடுதல் நெடுவரிசையாகச் சேர்ப்பது. அப்போது மழையில்லாத நாளுக்குச் சாய்வு 0.208 ஆகவும், மழை நாளுக்கு 0.177 ஆகவும் பிரிந்துவிடும். இதைச் செய்ய வேண்டும் என்று கோடு தானாகச் சொல்லாது. பிழைகளை வரைந்து பார்க்கிற பழக்கமும் காயைப் பற்றிய அறிவும் நம்மிடம் இருந்தால்தான் தெரியும். நேர்கோட்டின் மறைமுகச் செலவு இந்த உழைப்புதான்.

## மரம்

மரம் செய்வது எளிய வேலை. எந்த நெடுவரிசையில் எந்த இடத்தில் வெட்டினால் இரண்டு பக்கங்களும் தத்தம் சராசரியோடு அதிகம் ஒத்துப்போகின்றன என்று தேடி வெட்டுகிறது. பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் அதையே மீண்டும் செய்கிறது. இறுதியில் ஒவ்வோர் இலையிலும் விழுந்த வரிசைகளின் சராசரியே விடையாகிறது. பிரைமன், ஃப்ரீட்மன், ஓல்ஷன், ஸ்டோன் ஆகிய நால்வர் 1984-இல் வெளியிட்ட நூலிலிருந்து இம்முறை பரவலாயிற்று.

ஓர் இலையில் குறைந்தது மூன்று வரிசைகள் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு நம் அட்டவணையைக் கொடுத்தால், முதல் வெட்டு 230 கிலோவில் விழுகிறது. அடுத்து இடப்பக்கத்தில் 170-இலும் வலப்பக்கத்தில் 290-இலும் வெட்டுகள் விழுகின்றன. நான்கு இலைகளின் விடைகள் 28.7, 40, 51.7, 65.7 கிலோ.

இந்த மரத்தில் மழை எங்கே? எங்கும் இல்லை. முதல் வெட்டில் மழையைத் தேர்ந்தெடுத்தால் பிழையின் வர்க்கக் கூடுதல் 13.5 மட்டுமே குறைகிறது. எடையில் 230-இல் வெட்டினால் 1776 குறைகிறது. எடையின் பரப்பு அவ்வளவு பெரிது என்பதால், மரம் தன்னிடமுள்ள வெட்டுகளை எல்லாம் அதற்கே செலவழித்துவிடுகிறது. இரண்டு படி இறங்குவதற்குள் ஒவ்வோர் இலையிலும் மூன்று வரிசைதான் மிஞ்சுகிறது. மழையைப் பற்றிக் கேட்பதற்கு ஆள் இல்லை. தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த உண்மை இப்படித்தான் அட்டவணையில் இருந்தும் மரத்தில் இல்லாமற் போகிறது. மரத்தில் ஒரு நெடுவரிசை வரவில்லை என்பதால் அதற்கு விளைவு இல்லை என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது.

படிகளும் தொல்லை தருகின்றன. 169 கிலோ ஏற்றினால் 28.7 கிலோ இறங்கும் என்றும், 171 கிலோ ஏற்றினால் 40 கிலோ இறங்கும் என்றும் மரம் சொல்கிறது. இரண்டு கிலோ பச்சைக்காய் கூடியதால் 11 கிலோ உலர்காய் கூடாது என்பதை ஸ்டோரில் ஒரு நாள் நின்றவர் எவரும் அறிவார். 500 கிலோவுக்கு விடை கேட்டால் அதே 65.7 தான். கடைசி இலைக்கு அப்பால் மரத்துக்கு உலகமே கிடையாது. புதிய பெரிய உலர்த்தியை வாங்கும் தோட்டத்தில், இந்த மரத்தை நம்பி மூட்டைக்குச் சாக்கு எடுத்தால் பாதி வழியில் சாக்கு தீர்ந்துவிடும்.

230 என்ற எல்லைக்கும் பொருள் தேடக் கூடாது. 220 கிலோ வரிசையை நீக்கினால் எல்லை 220-க்கு நகர்கிறது. 240 கிலோ வரிசையை நீக்கினால் 240-க்குப் போகிறது. நெடுவரிசைகள் பல இருக்கும் அட்டவணையில் எல்லை மட்டுமல்ல, வெட்டும் நெடுவரிசையே மாறிவிடக்கூடும். மரத்தின் படத்தை அச்சடித்துச் சுவரில் ஒட்டுவதற்கு முன், ஓரிரு வரிசைகளை நீக்கி மீண்டும் மரத்தை வளர்த்துப் பார்ப்பது நல்லது. படம் மாறினால், நாம் விளக்கிக்கொண்டிருந்தது காயைப் பற்றியது அன்று. அந்த ஓரிரு வரிசைகளைப் பற்றியது.

மென்பொருளின் இயல்பமைப்பும் சிறிய அட்டவணையில் ஏமாற்றும். ஆர் மொழியின் `rpart` இயல்பாக 20 வரிசைக்குக் குறைந்த கூட்டத்தை வெட்ட முயலாது. `minsplit = 20` என்பது அதன் இயல்பு மதிப்பு. ஆகவே நம் 12 வரிசைகளுக்கு வெட்டே இல்லாமல் 46.5 என்ற ஒற்றைச் சராசரியைத் தந்துவிட்டு அமைதியாக இருக்கும். பைத்தானின் `DecisionTreeRegressor` இதற்கு நேர் எதிர்: இயல்பாக விட்டால் ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் இலை என்று 12 இலை வளர்த்து, பிழை சுழியம் என்று காட்டும். இரண்டுமே கணிப்புக்கு உதவாது.

## காடு

பிரைமன் 2001-இல் முன்வைத்த ராண்டம் ஃபாரஸ்ட், மரத்தின் நிலையாமையைச் சராசரியால் தணிக்கிறது. 12 வரிசைகளிலிருந்து, எடுத்ததைத் திரும்பப் போட்டு 12 முறை எடுத்து ஒரு மரம். மீண்டும் எடுத்து இன்னொரு மரம். இப்படி 500 மரங்கள். வெட்டும்போது சில நெடுவரிசைகளை மட்டும் சீட்டுப் போட்டு எடுத்துப் பார்க்கவும் செய்யலாம். இறுதி விடை எல்லா மரங்களின் சராசரி. படிகள் மழுங்கிவிடுகின்றன; ஒரு வரிசை மாறினால் விடை தாவுவதில்லை. ஒவ்வொரு மரமும் தான் பாராத வரிசைகளைக் கணித்துத் தரும் பிழை அளவு, தனியே சோதனைப் பங்கு ஒதுக்க வசதியில்லாத சிறிய அட்டவணைக்கு உண்மையான உதவி. இவ்வளவும் காட்டின் பக்கம் நியாயமாகச் சொல்ல வேண்டியவை.

இனி மறுபக்கம். இப்படி எடுக்கும்போது ஒவ்வொரு மரத்துக்கும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரிசைகள் கிடைக்காமற் போகின்றன. மழை நாள் வரிசைகள் நம்மிடம் நான்கே. ஒரு மரத்தின் கண்ணில் அவற்றுள் சராசரியாக 2.6 வரிசைதான் படும். ஏற்கெனவே பற்றாக்குறையாக இருப்பதைக் காடு இன்னும் குறைத்துக்கொள்கிறது. ஆயிரக்கணக்கான வரிசைகள் இருக்கும்போது இந்த இழப்பு தெரியாது. 12-இல் நன்றாகத் தெரியும்.

எல்லை தாண்ட முடியாத குறை காட்டிலும் அப்படியே இருக்கிறது, ஏனெனில் சராசரிகளின் சராசரி தன் பெரிய எண்ணைத் தாண்டாது. 500 கிலோவுக்கு எத்தனை ஆயிரம் மரம் நட்டாலும் விடை 73-க்கு மேல் போகாது. அட்டவணைக்குள்ளேயே ஓரங்களில் இது தொந்தரவாகிறது. 350 கிலோ வரிசையைப் பாராத மரங்களுக்கு மிகப் பெரிய உலர்காய் எடை 63. ஆகவே அந்த வரிசைக்கு அவை 63-க்கு மேல் சொல்லவே முடியாது. உண்மை 73 என்பதால் தவறு குறைந்தது 10 கிலோ. அதே வரிசையை மறைத்தபோது நேர்கோடு 1.6 கிலோ மட்டுமே தவறியது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். காடு இப்படித் திணறுகிறதா என்று கண்டறிய, கணித்த எடையைச் செங்குத்து அச்சிலும் உண்மை எடையைக் கிடை அச்சிலும் வைத்து வரைந்து பார்க்கலாம்: இரண்டும் சமமாகும் கோட்டுக்குச் சிறியவை மேலும் பெரியவை கீழும் நின்றால் ஓரங்கள் உள்ளே இழுக்கப்படுகின்றன.

விளக்கத்தைப் பொறுத்தவரை, 500 மரங்களை யாரும் படிக்கப் போவதில்லை. அதற்கு மாற்றாகத் தரப்படும் முக்கியத்துவ எண், பிழையைக் குறைப்பதில் எந்த நெடுவரிசைக்கு எவ்வளவு பங்கு என்பதை மட்டும் சொல்கிறது. நம் அட்டவணையில் எடைக்கே ஏறத்தாழ எல்லாப் பங்கும் போய், மழைக்கு மிகச் சிறிய எண் நிற்கும். "மழையால் பாதிப்பு இல்லை என்று கணினி சொல்கிறது" என்று யாராவது அதைப் படித்துவிட்டால் தவறு நம்முடையது. அந்த எண்ணில் கிலோ இல்லை, கூடுமா குறையுமா என்ற திசையும் இல்லை. மதிப்புகள் நிறைய உள்ள நெடுவரிசைக்கு வெட்டும் இடங்கள் அதிகம் என்பதால், ஆம் அல்லது இல்லை என்று மட்டும் உள்ள நெடுவரிசையைவிட அதற்கு இந்த முறையில் இயல்பாகவே சலுகையும் உண்டு.

## கேள்வியை மாற்றினால்

என்னிடம் கேட்டவர்களுக்கு நான் முதலில் சொன்ன யோசனை, முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் கணிக்கும் பொருளை மாற்றுங்கள் என்பதே. உலர்காயின் எடைக்குப் பதிலாக, 100 கிலோ பச்சைக்காய்க்கு எத்தனை கிலோ உலர்காய் என்ற விகிதத்தைக் கணியுங்கள். நம் அட்டவணையில் மழையில்லாத எட்டு வரிசைகளின் விகிதங்கள் 20.8-க்கும் 21.3-க்கும் இடையில் நிற்கின்றன. மழை நாள் நான்கும் 17.9-க்கும் 18.2-க்கும் இடையில் நிற்கின்றன.

இப்போது மரத்தை வளர்த்தால் முதல் வெட்டே மழைதான். அந்த ஒரு வெட்டோடு நிறுத்தினால் இரண்டே இலை: மழையில்லை என்றால் 21, மழை என்றால் 18. நேர்கோடும் அதையே, "21, மழையென்றால் அதில் 3 குறைக்க" என்று சொல்கிறது. 500 கிலோவை 21 விழுக்காட்டால் பெருக்கினால் 105 கிலோ; முன்பு 65.7 என்ற மரமே இப்போது இதைச் சொல்கிறது. வரிசைகளை ஒவ்வொன்றாக மறைத்துப் பார்த்தால் எந்த வரிசையிலும் தவறு 1 கிலோவைத் தொடவில்லை. ஸ்டோர் பொறுப்பாளர் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். கணினி இல்லாமலே பயன்படுத்தலாம்.

இதற்கும் ஒரு விலை உண்டு. தராசு அரை கிலோ தவறினால், 120 கிலோ ஏற்றத்தில் விகிதம் 0.4 மாறுகிறது, 350 கிலோவில் 0.14 தான் மாறுகிறது. ஆகவே மிகச் சிறிய ஏற்றங்கள் அட்டவணையில் கலந்திருந்தால், அவற்றின் தராசுப் பிழை விகிதத்தைக் குலைக்கும். அவற்றை எடைக்கேற்ப மதிப்புக் குறைத்துச் சேர்ப்பது முறை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நேர்கோடு | மரம் | காடு |
|---|---|---|---|
| சில பத்து வரிசைகள் | தாங்கும் | இலைக்கு ஆள் போதாது | ஓரங்களில் திணறும் |
| அட்டவணையைத் தாண்டிய கேள்வி | கவனத்தோடு நீட்டலாம் | முடியாது | முடியாது |
| வளைவும் படியும் | நாம் சொல்லித்தர வேண்டும் | தானே காணும் | தானே காணும் |
| விளக்கம் | ஒரு சமன்பாடு | ஒரு படம், ஆனால் நிலையற்றது | திசையில்லாத முக்கியத்துவ எண் |
| மறைமுகச் செலவு | பிழைகளை வரைந்து பார்க்கும் உழைப்பு | வரிசைகளை நீக்கி மீண்டும் வளர்த்தல் | விளக்கத்துக்குத் தனி வேலை |

## எந்த நிலையில் எது

அட்டவணையில் 12 வரிசை இருந்தாலும் 60 வரிசை இருந்தாலும், நெடுவரிசைகள் இரண்டு மூன்றுதான் என்றால் நான் நேர்கோட்டிலிருந்தே தொடங்குவேன். கணிக்கும் பொருளை முதலில் செப்பனிட்டுக்கொள்வேன். ஏற்றத்தின் அளவு வளரப்போகும் தோட்டத்துக்கு, எடையையே நேராகக் கணிக்கும் மரமோ காடோ கூடவே கூடாது.

மரம் சிறந்து நிற்கும் இடமும் உண்டு. உலர்த்திய மணிநேரத்தை நெடுவரிசையாகச் சேர்த்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் ஒவ்வொரு மணிக்கும் எடை விரைந்து குறைகிறது. ஈரம் போய்விட்ட பிறகு மேலும் மணிக்கணக்கில் சூடு காட்டினாலும் அதிகம் குறைவதில்லை. நேர்கோடு இரண்டு கட்டத்துக்கும் ஒரே சாய்வைத்தான் தரும். மரமோ, விரைந்து குறையும் கட்டத்தில் வெட்டுகளைப் போட்டு, எந்த மணிக்குமேல் மாற்றம் நின்றுவிடுகிறது என்று ஏறத்தாழக் காட்டிவிடும். அதில் கடைசி வெட்டுக்கு இருபுறமும் பத்துப் பதினைந்து வரிசையாவது இருந்தால் நம்பலாம். மரத்தைக் கணிப்புக்கு வைத்துக்கொள்ளாமல், வளைவு எங்கே என்று காட்டும் வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, பிறகு அந்த இடத்தில் முறியும் கோட்டை வரைவது என் வழக்கம்.

காட்டை எடுப்பது, நெடுவரிசைகள் பெருகி அவற்றுக்குள் என்ன தொடர்பு என்று ஊகிக்கவே முடியாத நிலையில், வரிசைகளும் சில நூறைத் தாண்டிய பிறகு. அப்போதும் அதை நேர்கோட்டின் அருகில் நிறுத்திப் பார்ப்பேன். காடு தெளிவாக வென்றால், நான் காணத் தவறிய வளைவோ பெருக்கல் தொடர்போ அட்டவணையில் இருக்கிறது என்று பொருள். அதைத் தேடிக் கண்டு கோட்டில் சேர்த்தால் பல நேரங்களில் இடைவெளி மூடிவிடுகிறது.

மூன்றையும் ஒரே தராசில் நிறுத்த, வரிசைகளை ஒவ்வொன்றாக மறைத்துக் கணிக்கும் இந்த இரண்டு வரிகள் போதும். `model` என்ற இடத்தில் மூன்றையும் மாற்றி மாற்றி வைக்கலாம்.

```python
from sklearn.model_selection import LeaveOneOut, cross_val_predict
pred = cross_val_predict(model, X, y, cv=LeaveOneOut())
```

ஒரே ஸ்டோரின் குறிப்பேடு என்றால் இது சரி. நான்கைந்து ஸ்டோர்களின் குறிப்பேடுகளைச் சேர்த்து அட்டவணை செய்திருந்தால், வரிசையை மறைப்பது போதாது. ஒரு ஸ்டோரின் எல்லா வரிசைகளையும் சேர்த்து மறைத்து, மற்ற ஸ்டோர்களைக் கொண்டு அதைக் கணிக்க வேண்டும். ஒரே ஸ்டோரின் வரிசைகள் ஒரே தராசையும் ஒரே சூட்டையும் பகிர்ந்துகொள்வதால், ஒன்றை மறைத்தாலும் அதன் கூடப்பிறந்த வரிசைகள் விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் சலுகையால் அதிகம் பயன்பெறுவது காடுதான். `LeaveOneOut` இருக்கும் இரண்டு இடங்களிலும் `LeaveOneGroupOut` என்று மாற்றி, ஸ்டோரின் பெயர்களை `groups` என்று கொடுத்தால் அந்தச் சோதனை நடக்கும்.